பக்கற்றில் அச்சிட்ட விலையும் பெரட்டுக்களத்துக் கூலியும்

"தோட்டத் தொழிலாளிக்குச் சம்பளம் கூட்டினால் தேயிலை விலை ஏறிவிடும்." பத்திரிகைத் தொழிலுக்கு வந்த காலந்தொட்டு இந்த வாக்கியத்தைக் கேட்டு வருகிறேன். ஒவ்வொரு சம்பளப் பேச்சுவார்த்தையின் போதும் இது எங்கிருந்தோ கிளம்பி வந்துவிடும். கொழும்பில் குளிரூட்டிய அறையில் இருப்பவரும் சொல்வார். ஹட்டன் நகரில் பலசரக்குக் கடை நடத்துபவரும் சொல்வார். புலம்பெயர்ந்து ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வாழும் நம்மவரும், ஊர்த் தேயிலை மீது பெரும் பாசம் வைத்திருப்பவரே ஆயினும், இதையே சொல்வார். கேட்பதற்கு நியாயமான வாக்கியம். செலவு கூடினால் விலை கூடும் என்பது சந்தைக்குப் போய்வந்த எவருக்கும் தெரிந்த பாடம்தானே?

தேயிலையைப் பொறுத்தவரை இந்தப் பாடம் பாதி வழிக்குத்தான் செல்லுபடியாகும். தொழிற்சாலையில் ஆகும் செலவு கடைத் தட்டிலுள்ள பக்கற்றில் அச்சிட்ட விலையாக மாறும் பாதையில், நடுவில் ஓர் இடம் இருக்கிறது. கொழும்புத் தேயிலை ஏலம் என்பது அதன் பெயர். அந்த இடத்துக்குக் கீழே, கடைப் பக்கமாக, செலவின் மேல் வீதம் வைத்து விலை கட்டுகிறார்கள். அந்த இடத்துக்கு மேலே, மலைப் பக்கமாக, செலவுக்கு வாயே கிடையாது. இந்த வித்தியாசத்தை விளங்கிக்கொள்ளாமல் சம்பளத்தையும் விலையையும் ஒரே கயிற்றில் கட்டுவது, தெரியாமல் செய்தால் அறியாமை. தெரிந்து செய்தால் வேறு பெயர்.

முதலில் மலைப் பக்கத்தைப் பார்ப்போம்.

காலையில் பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு மலைக்குப் போகும் ஒரு பெண் மாலைக்குள் 18 கிலோ கொழுந்து பறிப்பதாக வைத்துக்கொள்வோம். பல தோட்டங்களில் ஒரு முழுப் பேருக்குக் கேட்கப்படும் அளவு ஏறத்தாழ அதுதான். கொழுந்தின் எடையில் பெரும்பகுதி தண்ணீர். வாட்டி, உருட்டி, புளிக்க வைத்து, உலர்த்தி, சலித்து முடியும்போது நூறு கிலோ கொழுந்து ஏறத்தாழ 22 கிலோ தேயிலையாகிறது. ஆகவே அந்தப் பெண்ணின் ஒரு நாள் உழைப்பு நான்கு கிலோவுக்குச் சற்றே குறைவான தேயிலை. கணக்குக்கு இலகுவாக நான்கு கிலோ என்றே கொள்வோம்.

2024 செப்ரெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். அதன் மேல் கம்பனி ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் கட்டவேண்டும். எல்லாம் சேர்த்து 1,552 ரூபாய். நான்கு கிலோவால் பிரித்தால், ஒரு கிலோ தேயிலையில் கொழுந்து பறித்த கூலி 388 ரூபாய். இதற்கு மேல் கவ்வாத்து வெட்டியவர், களை பிடுங்கியவர், தொழிற்சாலையில் நின்றவர் ஆகியோரின் கூலி, உரம், விறகு, மின்சாரம், உத்தியோகத்தர் சம்பளம், கடன் வட்டி என்று செலவுகள் ஏறுகின்றன. உயர்நிலத் தோட்டங்களின் உற்பத்திச் செலவு உலகில் அதிகமான செலவுகளில் ஒன்று என்று கம்பனிகள் முறையிடுவது பொய்யன்று. செடிகள் கிழடாகிவிட்டன, மறுநடுகை போதாது, ஆள் வரவு குறைந்துவிட்டது. அவற்றுக்கு யார் பொறுப்பு என்பது வேறு விவாதம்.

இப்படி ஆன செலவை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு தேயிலை கொழும்புக்குப் போவதில்லை என்பதே நாம் கவனிக்கவேண்டிய விடயம். தோட்டத்தின் அடையாளப் பெயரும் தரத்தின் பெயரும் மட்டும் மூட்டையின் மேல் இருக்கும். பி.ஓ.பி., பி.ஓ.பி.எப்., டஸ்ட் என்பன அந்தத் தரப் பெயர்கள். தரகர் மாதிரி எடுக்கிறார், சுவைத்துப் பார்க்கிறார், மதிப்புப் போடுகிறார், பட்டியலில் சேர்க்கிறார். 1883 ஆம் ஆண்டிலிருந்து நடந்துவரும் இந்த ஏலம் 2020 இல் கொரோனா வந்தபோது கணினித் திரைக்கு மாறியது. ஆனால் விதி மாறவில்லை. வாங்குபவர் கேட்பது இரண்டே கேள்விகள்தான். கோப்பையில் இது எப்படி இருக்கிறது? என் வெளிநாட்டுக் கொள்வனவாளர் என்ன விலை தருவார்? இதைப் பறித்தவளுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று ஏலத்தில் எவரும் கேட்டதில்லை. கேட்கவும் மாட்டார். கிலோ 1,100 ரூபாய்க்கு உற்பத்தியான தேயிலையும் 1,400 ரூபாய்க்கு உற்பத்தியான தேயிலையும் கோப்பையில் ஒன்றுபோல் இருந்தால் ஒரே விலைக்குத்தான் போகும். ஒருவர் இலாபத்துடன் திரும்புவார், மற்றவர் நட்டத்துடன் திரும்புவார். விலை அசையாது.

எனவே சம்பளம் கூடினால் தேயிலை விலை ஏறும் என்ற வாக்கியம் ஏலத்தின் வாசலிலேயே விழுந்துவிடுகிறது. சம்பளம் கூடினால் குறைவது கம்பனியின் எஞ்சிய தொகை. அது கம்பனிக்கு வலிக்கும், உண்மை. ஆனால் கம்பனியின் வலியை நுகர்வோரின் வலியாகப் படம் காட்டுவது நேர்மையன்று. வேடிக்கை என்னவென்றால், பேச்சுவார்த்தை மேசையில் கம்பனிகளே "விலையை நாங்கள் தீர்மானிப்பதில்லை, ஏலம் தீர்மானிக்கிறது, ஆகவே சம்பளம் கூட்ட இயலாது" என்றுதான் வாதிடுகின்றன. விலை ஏறும் என்ற பயமுறுத்தல் அதே நாளில் வெளியே நடமாடுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியாது.

இனிக் கடைப் பக்கம்.

ஏலத்தில் தேயிலையை வாங்கியவர் உள்நாட்டுச் சந்தைக்குப் பக்கற் போடும் கம்பனி என்று வைத்துக்கொள்வோம். பல மலைகளின், பல மட்டங்களின் தேயிலையைக் கலந்துதான் பக்கற் போடுவார்கள். நுவரெலியாவின் மெல்லிய நிறத் தேயிலை பெரும்பாலும் கப்பலேறிவிடும். உள்ளூர் நாக்குக்குச் சாயம் வேண்டும், அதற்குத் தாழ்நிலத் தூளும் சேரும். ஹட்டன் கடையில் நீங்கள் வாங்கும் பக்கற்றுக்குள் இருப்பது ஹட்டன் தேயிலைதான் என்று நினைத்துக்கொண்டால் அது உங்கள் நம்பிக்கை.

அந்தப் பக்கற்றின் முதுகில் "ஆகக்கூடிய சில்லறை விலை" என்று ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். 2003 ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் கீழ் அந்த எண்ணுக்கு மேல் விற்பது குற்றம். 2021 இல் தண்டப்பணத்தையும் பல மடங்கு கூட்டினார்கள். நல்லது. ஆனால் அந்த எண்ணை எழுதியவர் யார்? பக்கற் போட்டவர். எப்படி எழுதினார் என்று எவரும் கேட்பதில்லை. கடைக்காரர் ஐந்து ரூபாய் கூட்டி விற்றால் அதிகாரிகள் வந்து வழக்குப் போடுவார்கள். அச்சிடும்போதே ஐம்பது ரூபாய் கூட்டி அச்சிட்டால் அது வியாபாரம்.

இந்த எண் அடியிலிருந்து மேலே கட்டப்படுவதில்லை என்பது இத்தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரியும். மேலிருந்து கீழே இறங்குகிறது. போட்டிப் பக்கற் என்ன விலையில் நிற்கிறது, எந்த எண்ணைக் கண்டால் வாங்குபவர் கை பின்வாங்கும் என்று பார்த்து முதலில் விலையைத் தீர்மானிக்கிறார்கள். பிறகு அதிலிருந்து ஒவ்வொருவரின் பங்கையும் கழித்துக்கொண்டு வருகிறார்கள். ஓர் உதாரணம் போடுவோம். வீதங்கள் கம்பனிக்குக் கம்பனி மாறும். நான் எடுத்துக்கொள்வது கணக்கின் வடிவத்தைக் காட்டுவதற்காக மட்டுமே.

200 கிராம் பக்கற், அச்சிட்ட விலை 500 ரூபாய். சிறிய கடைக்காரர் தான் வாங்கிய விலையின் மேல் 10 வீதம் வைக்கிறார் என்றால், அவர் வாங்கியது 454 ரூபாய்க்கு. அவருக்கு மிஞ்சுவது 46 ரூபாய். அந்த 454 ரூபாய்க்குள் பெறுமதி சேர் வரி இருக்கிறது. 2024 ஜனவரி முதல் அது 18 வீதம். 454 ஐ 1.18 ஆல் வகுத்தால் 385, வரி 69 ரூபாய். இந்த 69 ரூபாய் இரண்டு மூன்று கைகளில் பிரித்துக் கட்டப்பட்டாலும் கடைசியில் திறைசேரிக்குப் போய்ச் சேரும் மொத்தம் அதுவே. மிஞ்சிய 385 ரூபாய்க்கு விற்றவர் விநியோகஸ்தர். அவர் 7 வீதம் வைத்தால், கம்பனியிடமிருந்து அவர் வாங்கியது 360 ரூபாய்க்கு, அவர் பங்கு 25 ரூபாய். அந்த 25 ரூபாயில்தான் அவருடைய லொறி, சாரதி, விற்பனைப் பிரதிநிதி, கடைகளுக்குக் கொடுத்த கடன், வங்கி வட்டி எல்லாம் அடங்கவேண்டும். கம்பனியின் கைக்கு வருவது 360. ஏலத்தில் கிலோ 1,200 ரூபாய்க்குத் தேயிலை வாங்கியிருந்தால் 200 கிராமுக்கு 240 ரூபாய். எஞ்சிய 120 ரூபாயில் கலவை, கடதாசிப் பெட்டி, விளம்பரம், நிருவாகம், ஏனைய வரிகள், இலாபம்.

இங்கே வீதம் என்ற சொல்லிலேயே ஒரு சூட்சுமம் இருக்கிறது, கணக்குப் பார்க்கிறவர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன். கடைக்காரர் 10 வீதம் என்பது வாங்கிய விலையின் மேல். விற்ற விலையில் பார்த்தால் அது 9 வீதம்தான். பெரிய சுப்பர் மார்க்கட்டுகள் பேசுவது பெரும்பாலும் விற்ற விலையின் மேலான வீதம். "இருபது வீதம்" என்று அவர்கள் சொன்னால், வாங்கிய விலையின் மேல் அது 25 வீதம். ஒரே சொல்லை இரண்டு அளவுகோல்களால் அளந்துவிட்டு, "நாங்கள் எடுப்பது கொஞ்சம்தான்" என்று இரு தரப்பும் சொல்லிக்கொள்ளலாம். தட்டில் இடம் பிடிக்கக் கொடுக்கும் கட்டணமும் விலைக்கழிவு வாரங்களும் இதற்கு மேல் தனி. அவை எல்லாம் கம்பனியின் அந்த 120 ரூபாய்க்குள்ளிருந்து போகின்றன. ஆகவே அச்சிட்ட விலை அதற்கும் இடம் விட்டே அச்சிடப்படுகிறது.

சிறிய கடைகளுக்கு வேறு ஒரு கதவு உண்டு. "பன்னிரண்டு எடுத்தால் ஒன்று இலவசம்" என்று விநியோகஸ்தரின் பையன் வந்து சொல்வான். பன்னிரண்டுக்குக் காசு கொடுத்துப் பதின்மூன்றை 500 ரூபாய்க்கு விற்றால், பக்கற் ஒன்றுக்கு 46 ரூபாய் என்றிருந்த இலாபம் 81 ரூபாயாகிறது. அந்த இலவசப் பக்கற் நுகர்வோரின் கைக்கு வருவதில்லை. அச்சிட்ட விலைக்குக் கீழே விற்கச் சட்டம் தடை சொல்லவில்லை. ஆனாலும் அச்சிட்ட எண் ஒன்று இருக்கும்போது அதற்குக் கீழே இறங்குவதற்கு யாருக்குத்தான் மனம் வரும்? உச்ச விலை என்று சட்டம் சொன்னது, நடைமுறையில் நிலையான விலையாகிவிடுகிறது.

கடைக்காரரையும் விநியோகஸ்தரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமன்று. மலைப்பாதையில் லொறி ஓட்டிச் சரக்கு இறக்குவதற்குச் செலவு உண்டு. தோட்டத்து லயன்களுக்குப் பக்கத்தில் இருக்கும் பெட்டிக்கடைக்காரர் மாதச் சம்பளம் வரும்வரை கொப்பியில் எழுதிக் கடன் கொடுக்கிறார், அந்தக் கடனில் ஒரு பகுதி திரும்பி வராது. அவருக்கு 46 ரூபாயும் கிடைப்பதில்லை. விநியோகஸ்தரின் லொறி பெரும்பாலும் பெருந்தெருவோடு நின்றுவிடும். அவர் நகரத்துக் கடையிலிருந்து சிறு கழிவுக்கு வாங்கிக்கொண்டுபோய் அதே அச்சிட்ட விலைக்கு விற்கவேண்டியவர். அவரைவிட மோசமான நிலையில் இருப்பவர், 200 கிராம் வாங்கக் காசில்லாமல் 50 கிராம் பக்கற் வாங்கும் தொழிலாளி. சிறிய பக்கற்றில் கடதாசிக்கும் கைமாற்றுக்கும் ஆகும் செலவு கிராமுக்குக் கிராம் அதிகம், ஆகவே தேயிலை நாட்டிலே தேயிலையைக் கூடிய விலைக்கு வாங்குபவர் அவரே.

நான் சொல்ல வந்தது வேறு. மேலே போட்ட கணக்கில் கடைக்காரர், விநியோகஸ்தர், திறைசேரி ஆகிய மூவருக்கும் வீதத்தில் பங்கு இருக்கிறது. ஏலத்தில் விற்றுக்கொடுக்கும் தரகருக்கும் விற்ற விலையில் ஒரு வீதம். வீதத்தில் பங்கு உள்ளவர் விலை ஏறும்போது பேச்சுவார்த்தை நடத்தவேண்டியதில்லை, வேலைநிறுத்தம் செய்யவேண்டியதில்லை, அமைச்சரைப் பார்க்கவேண்டியதில்லை. விலையோடு சேர்ந்து அவர் பங்கும் தானாக ஏறும். இந்தச் சங்கிலியில் ரூபாயில் பங்கு நிர்ணயிக்கப்பட்டவர் ஒருவர்தான். அவர் கூடையோடு மலையில் நிற்கிறார்.

இது வெறும் தத்துவமன்று. 2022 இல் என்ன நடந்தது என்று பாருங்கள்.

2021 மார்ச்சில் சம்பளச் சபை மூலமாக நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனது. அடிப்படை 900, வரவு செலவுத் திட்டக் கொடுப்பனவு 100. அது தாங்க முடியாத சுமை என்று கம்பனிகள் நீதிமன்றம் வரை சென்றன. அந்த ஆண்டு கொழும்பு ஏலத்தின் சராசரி விலை கிலோவுக்கு 620 ரூபாய் அளவில் இருந்தது. 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்க விட்டார்கள். டொலர் ஒன்று 200 ரூபாயைச் சற்றுத் தாண்டி நின்ற நிலையிலிருந்து இரண்டு மாதங்களுக்குள் 360 ஐ எட்டியது. தேயிலை டொலரில் விற்கும் பண்டம் ஆதலால் ஏல விலையும் ரூபாயில் பாய்ந்தது. 2022 ஆம் ஆண்டின் சராசரி 1,270 ரூபாய் அளவு. இரண்டு மடங்குக்கு மேல்.

இதை நமது 200 கிராம் பக்கற்றில் வைத்துப் பார்ப்போம். உள்ளே இருக்கும் தேயிலையின் விலை 124 ரூபாயிலிருந்து 254 ரூபாயாகிறது, 130 ரூபாய் கூடுகிறது. அதன் மேல் விநியோகஸ்தரின் 7 வீதம் ஏறினால் 139. அதன் மேல் 18 வீத வரி ஏறினால் 164. கடைக்காரரின் 10 வீதம் ஏறினால் 180. அன்று வரி வீதம் இதைவிடக் குறைவு, ஒப்பீட்டுக்காக இன்றைய வீதத்தை வைத்தே போட்டிருக்கிறேன். 130 ரூபாய் ஏற்றம் கடைத் தட்டுக்கு வரும்போது 180 ஆகிறது. வீதத்தின் மேல் வீதம் ஏறும் கணக்கு இப்படித்தான் வேலை செய்யும். இந்த 180 ரூபாயில் எல்லாருக்கும் ஏதோ ஒரு பங்கு போனது. கொழுந்து பறித்தவரின் நாட்சம்பளத்துக்குப் போனது எவ்வளவு? ஒரு சதமும் இல்லை. 1,000 ரூபாய் 1,000 ரூபாயாகவே நின்றது. அரிசியும் மாவும் மண்ணெண்ணெயும் அவ்வாறு நிற்கவில்லை.

அது ஒரு மாதம் இரண்டு மாதம் நின்ற கதையன்று. 2024 மே மாதம் 1,700 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது, கம்பனிகள் நீதிமன்றம் சென்றன, உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. செப்ரெம்பரில் 1,350 ரூபாய் அடிப்படை என்று முடிந்தது. மூன்றரை ஆண்டுகள்.

சம்பளத்தை ரூபாயில் அளப்பதை விட்டுவிட்டுத் தேயிலையில் அளந்து பாருங்கள். 2021 இல் 1,000 ரூபாய்க்கு ஏலத்தில் 1.6 கிலோ தேயிலை வாங்கலாம். அதாவது நாளொன்றுக்கு நான்கு கிலோ தேயிலைக்கான கொழுந்து பறித்தவருக்கு 1.6 கிலோவின் பெறுமதி கிடைத்தது. 2022 இல் அதே 1,000 ரூபாய்க்கு 0.8 கிலோ. பாதி. 2023 இற்குப் பின் ஏலச் சராசரி 1,200 ரூபாயை ஒட்டியே நிற்கிறது. 1,350 ரூபாய் என்பது 1.1 கிலோ. 2026 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் முன்மொழிந்த 1,550 ரூபாய் அடிப்படை 1.3 கிலோவைத் தொடுகிறது. அரசாங்கம் தன் பையிலிருந்து தரும் 200 ரூபாய் வருகைக் கொடுப்பனவையும் சேர்த்து 1,750 என்று கொண்டாலும் 1.46 கிலோ. இத்தனை போராட்டம், இத்தனை அறிக்கை, இத்தனை பால்சோறு எல்லாம் முடிந்த பின்னும் தேயிலைக் கணக்கில் 2021 இன் நிலைக்குத் திரும்பவில்லை.

கம்பனிகளின் தரப்பில் ஒரு பதில் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 2022 இல் விலை மட்டும் ஏறவில்லை, உரமும் எரிபொருளும் ஏறின. 2021 இல் இரசாயன உரத்தைத் தடைசெய்த கூத்தினால் விளைச்சலும் விழுந்தது. ஏறிய விலை முழுவதும் இலாபமாகத் தங்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடைக்காரருக்கும் செலவு ஏறியது, விநியோகஸ்தரின் லொறிக்கும் டீசல் விலை ஏறியது. அவர்களைக் காப்பாற்றியது வீதம். தொழிலாளிக்கும் வாழ்க்கைச் செலவு ஏறியது. அவரைக் காப்பாற்ற எதுவும் இருக்கவில்லை என்பதே என் முறைப்பாடு.

சம்பளத்தை ஏல விலையோடு வீதத்தில் இணைப்பது நடைமுறைச் சாத்தியமில்லை என்று சொல்பவர்களுக்கு ஒரு தகவல். அது இந்த நாட்டில் ஏற்கெனவே நடக்கிறது, சட்டப்படி நடக்கிறது. சிறுதோட்ட உரிமையாளர் தன் கொழுந்தைத் தொழிற்சாலைக்கு விற்கும்போது அவருக்குக் கொடுக்கவேண்டிய விலை, அந்தத் தொழிற்சாலை ஏலத்தில் பெற்ற சராசரி விலையிலிருந்து கணக்கிடப்படுகிறது. 68 வீதம் கொழுந்து கொடுத்தவருக்கு, 32 வீதம் தொழிற்சாலைக்கு. தேயிலை ஆணையாளர் அதைக் கண்காணிக்கிறார். 2022 இல் ஏல விலை இரட்டித்தபோது சிறுதோட்டக்காரரின் கொழுந்து விலையும் கூடவே ஏறியது. அவர் எவரிடமும் கெஞ்சவில்லை. அவர் நிலமும் உரமும் கூலியும் தானே பார்க்கவேண்டியவர், ஆகையால் 68 வீதத்தை அப்படியே தோட்டத் தொழிலாளிக்குக் கேட்பது நியாயமன்று, நானும் கேட்கவில்லை. வீதம் என்ற வழி இருக்கிறது, கணக்குப் போடும் ஆட்களும் பதிவேடும் இருக்கின்றன என்பதைத்தான் சொல்கிறேன். நாட்டின் தேயிலையில் பெரும்பகுதி இந்தக் கணக்கின்படிதான் கைமாறுகிறது.

இன்னும் ஒன்று. தோட்டத் தொழிலாளியின் சம்பளச் சீட்டிலேயே "விலைப் பங்குக் கொடுப்பனவு" என்று ஒரு வரி இருந்தது. பெயரைக் கேட்டால் தேயிலை விலையில் பங்கு என்றுதான் எவரும் நினைப்பார். 2009 ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தத்தில் மொத்தச் சம்பளம் 405 ரூபாய், அதில் அந்தக் கொடுப்பனவு 30 ரூபாய். 2011 இல் மொத்தம் 515 ஆனது, விலைப் பங்கு 30. 2013 இல் 620 ஆனது, விலைப் பங்கு 30. 2016 இல் 730 ஆனது, விலைப் பங்கு அப்போதும் 30. இந்த ஏழு ஆண்டுகளில் ஏல விலை ஏறியும் இறங்கியும் எத்தனை ஆட்டம் ஆடியது! அந்த 30 ரூபாய் அசையவில்லை. 2019 இல் 700 ரூபாய் அடிப்படையோடு 50 ஆக்கினார்கள். விலையோடு அசையாத ஒன்றுக்கு விலைப் பங்கு என்று பெயர் வைத்து, தொழிற்சங்கத் தலைவர்களும் முதலாளிமார் சம்மேளனமும் கைச்சாத்திட்டுப் படம் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் படங்கள் எங்கள் பத்திரிகைகளின் முதற்பக்கத்தில் வந்தன. பங்கு என்றால் எத்தனை வீதம் என்று கேட்கும் ஒரு வரிச் செய்தியை நான் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

எதிர்வாதம் ஒன்று வரும், அது பலமானதும்கூட. வீதத்தில் இணைத்தால் விலை விழும்போது சம்பளமும் விழுமே? ஆம், விழும். ஆகையால் அடிப்படைச் சம்பளம் சம்பளச் சபை நிர்ணயித்த ரூபாயிலேயே இருக்கவேண்டும், அதற்குக் கீழே போகக் கூடாது. குறித்த ஓர் ஏலச் சராசரிக்கு மேலே விலை போகும்போது, அந்த மேலதிகத்தில் மட்டும் ஒரு வீதம் தொழிலாளிக்கு என்பது கோரிக்கை. உதாரணத்துக்கு, 620 ரூபாய்க்கு மேல் ஏறிய ஒவ்வொரு ரூபாயிலும் 20 சதம் என்று 2021 இலேயே எழுதியிருந்தால், 2022 இல் கிலோவுக்கு 130 ரூபாய், நாளொன்றுக்கு நான்கு கிலோவுக்கு 520 ரூபாய் மேலதிகமாகக் கிடைத்திருக்கும். கம்பனிக்கு அந்த மேலதிகத்தில் 80 சதம் எஞ்சியிருக்கும். விலை திரும்ப விழுந்திருந்தால் கம்பனி ஒரு சதமும் கூடக் கொடுக்கவேண்டி வந்திராது. இதில் எந்தக் கம்பனி மூழ்கும்?

இனி, விலை ஏறிவிடும் என்ற அந்தப் பழைய பயத்துக்கு அதன் சொந்தக் கணக்கிலேயே பதில் சொல்லிவிடலாம். 1,350 ஐ 1,550 ஆக்கும் 200 ரூபாய் உயர்வு, சேமலாப நிதியும் சேர்த்துக் கம்பனிக்கு 230 ரூபாய். நான்கு கிலோவால் பிரித்தால் கிலோவுக்கு 57 ரூபாய் 50 சதம், 200 கிராம் பக்கற்றுக்கு 11 ரூபாய் 50 சதம். கொழுந்து பறிப்பவர் அல்லாத ஏனைய தொழிலாளரையும் சேர்க்க அதை ஒன்றரை மடங்காக்குவோம், 17 ரூபாய். ஏலம் என்ற ஒன்றே இல்லாமல், அந்த 17 ரூபாய் முழுவதும் நுகர்வோரின் தலையில் ஏறுவதாகவே வைத்துக்கொள்வோம். விநியோகஸ்தரின் வீதம், வரி, கடைக்காரரின் வீதம் எல்லாம் ஏறி அது கிட்டத்தட்ட 24 ரூபாயாகும். 500 ரூபாய்ப் பக்கற்றில் 24 ரூபாய். அதிலும் 7 ரூபாய் தொழிலாளியின் பெயரைச் சொல்லி மற்றவர்கள் எடுப்பது. 2022 இல் தொழிலாளிக்கு ஒரு சதமும் கொடுக்காமல் 180 ரூபாய் ஏறியபோது இந்தப் பயம் எங்கே போயிருந்தது?

அரசாங்கத்தின் அந்த 200 ரூபாய் வருகைக் கொடுப்பனவைப் பற்றியும் ஒரு சொல். கம்பனியிடமிருந்து வாங்கிக்கொடுக்க முடியாததைத் திறைசேரியிலிருந்து கொடுக்கிறார்கள். திறைசேரிக்குக் காசு வரும் வழிகளில் ஒன்று, நாம் மேலே கண்ட பக்கற்றின் 69 ரூபாய். அந்தப் பக்கற்றை ஹட்டன் கடையில் தொழிலாளி வாங்கினாலும் 69 ரூபாய்தான், கொழும்பில் கம்பனிப் பணிப்பாளர் வாங்கினாலும் 69 ரூபாய்தான். மூன்று பக்கற் விற்றால் ஒருவரின் ஒருநாள் கொடுப்பனவு திறைசேரிக்குத் திரும்பி வந்துவிடுகிறது. ஏல விலைகளோ வாராவாரம் தரகர்களின் அறிக்கைகளில், உயர்நிலம், மத்திய நிலம், தாழ்நிலம் என்று பிரித்து, சதக் கணக்கில் வெளிவருகின்றன. அடுத்த சம்பளச் சபைக் கூட்டத்துக்குப் போகும் தொழிற்சங்கப் பிரதிநிதி கோரிக்கைக் கடிதத்தோடு அந்த அறிக்கை ஒன்றையும் கையில் எடுத்துச் செல்லட்டும்.